பகலில் நன்றாக மறைப்பது வெள்ளைத் திரையா, அடர் நிறத் திரையா?

கர்ட்டன் கடையில் பலரும் போடும் கணக்கு ஒன்று உண்டு: வெளிர் நிறம் எடுத்தால் வீட்டுக்குள் இருப்பது தெரியும், அடர் நிறம் எடுத்தால் மறையும். ஷீர் எனப்படும் மெல்லிய துணியைப் பொறுத்தவரை, பகல் வேளையில் இது தலைகீழ்.

ஷீர் துணியில் நூலுக்கு நூல் இடைவெளி இருக்கும். வெளிச்சத்தில் ஒரு பங்கு அந்த இடைவெளி வழியாக நேராக உள்ளே வரும். மீதி நூலின் மேல் விழும். வெள்ளை நூல் தன் மேல் விழும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதனால் பகலில் வெளியே நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவது பளிச்சென்ற துணிதான். அதன் பின்னால் இருக்கும் மங்கலான அறை எடுபடாது. வெயிலை நோக்கி வண்டி ஓட்டும்போது தூசி படிந்த முன்கண்ணாடி சாலையை மறைப்பது இதே காரணத்தால்தான். சிதறிய வெளிச்சத்தில் ஒரு பகுதி உள்ளேயும் வருவதால், ஜன்னலோரத்தில் மட்டும் விழ வேண்டிய ஒளி அறை முழுக்கப் பரவும்.

கறுப்பு, கரும்பழுப்பு போன்ற அடர் நிற நூல் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். அறை மங்கும், கண் கூச்சமும் குறையும். ஆனால் துணி ஒளிராததால் பார்வையைத் தடுக்க எதுவும் இல்லை. உள்ளிருந்து தெரு தெளிவாகத் தெரியும். வெளியே இருந்து பார்த்தாலும், ஜன்னலை ஒட்டி நிற்பவர் வெள்ளைத் துணியில் தெரிவதைவிட நன்றாகவே தெரிவார். மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க அடர் ஷீர் நல்லது. தெருவை ஒட்டிய தரைத்தள வீட்டுக்கு வெள்ளையோ, சந்தன நிறமோதான் சரி.

வண்ண ஷீரில் இன்னொரு சங்கதி உண்டு. நூலின் நிறத்தை வாங்கிக்கொண்டுதான் வெளிச்சம் உள்ளே வரும். பச்சைத் திரை போட்ட அறையில் முகம் சோகை பிடித்ததுபோல் தெரியும். இளமஞ்சளில் வெள்ளைச் சுவர் பழுப்பேறினாற்போல் இருக்கும். கடையில் கையகலத் துண்டைப் பார்க்கும்போது இது தெரியாது. திரையை ஜன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு எடுத்துச் சுருக்கித்தான் மாட்டுவோம். நிறமும் அதற்கேற்பக் கூடும். சேம்பிள் துணியை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதே சரியான முறை.

பிளாக்அவுட் துணியில் கதை வேறு. பின்புறம் பூச்சு கொடுத்த வகையில் ஒளியைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். முகப்பு வெள்ளையாக இருந்தாலும் கருநீலமாக இருந்தாலும் அறை ஒன்றுபோலவே இருளும். பூச்சில்லாமல், நடுவே கறுப்பு நூல் வைத்து நெருக்கி நெய்த வகையில் மட்டும் நிறம் முக்கியம். அதில் வெள்ளை, க்ரீம் எடுத்தால் வெயில் நேரத்தில் துணியே லேசாக ஒளிரும். மொபைல் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்தால் எந்த வகை என்று உடனே தெரிந்துவிடும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலானால் பின்புறம் வெள்ளையாக இருக்கும் துணி நல்லது. வெப்பத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பும்.

சென்னையில் முதல் மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. எதிர்வீட்டு பால்கனி 20 அடி தூரத்தில். வீட்டில் ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவர். இங்கே இரட்டை ராடு போட்டு, ஜன்னல் பக்கம் சந்தன நிற ஷீர், அறைப் பக்கம் பூச்சுக் கொடுத்த பிளாக்அவுட் மாட்டலாம். தூய வெள்ளை ஷீர் வேண்டாம்; மதியம் 3 மணிக்கு மேல் மேற்கு வெயில் பட்டால் துணியே கண்ணைக் கூசவைக்கும். பிளாக்அவுட் போட்டும் அறை இருளவில்லை என்றால், துணியைக் குறை சொல்லும் முன் ஓரங்களைப் பாருங்கள். ராடு ஜன்னலைவிட இரு பக்கமும் அரை அடி நீண்டிருந்து, துணி சுவரை ஒட்டித் திரும்பினால்தான் பக்கவாட்டு ஒளி நிற்கும். மேலே ராடுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகவும் ஒளி கசியும்.

ஷீர் தரும் மறைப்பெல்லாம் வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும்வரைதான். வானம் இருட்டிக்கொண்டு வரும் மழை நாளில், பகலிலேயே விளக்குப் போட நேர்ந்தால் உள்ளே இருப்பது எதிர்வீட்டுக்குத் தெரியத் தொடங்கும். துணியை நிரந்தரமாக மாட்டும் முன் ஒருவர் உள்ளே திரையை ஒட்டி நிற்க, மற்றவர் எதிரே போய்ப் பார்க்கட்டும்: நண்பகலில் ஒருமுறை, மாலையில் விளக்கேற்றியபின் ஒருமுறை. எந்த நேரத்தில் இரண்டாம் திரையை இழுக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.