எந்த ஆய்வுக்கு எந்தக் கணக்கு?

பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு பயிற்சிக் கணக்கைச் சந்தித்திருப்பார்கள். நான்கு எண்கள் கொண்ட ஒரு கட்டம் இருக்கும். இது எந்த வகை ஆய்வு என்று சொல்லி, ரிலேட்டிவ் ரிஸ்க் கண்டுபிடிக்க வேண்டும். பலர் முதல் பாதியை ஒரே வரியில் முடித்துவிட்டு இரண்டாம் பாதிக்கு ஓடுகிறார்கள். வகுத்தல் சரியாகத்தான் இருக்கும், விடைதான் தப்பாகப் போகும். இது ஏன் என்பதை, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த இரண்டு பழைய ஆய்வுகள் நன்றாகக் காட்டுகின்றன. இரண்டையும் நடத்தியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவரே.

நோயிலிருந்து பின்னோக்கி

முதல் ஆய்வின் முடிவு 1950-இல் வெளியானது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயோடு சேர்ந்த 709 பேரிடம் புகைப் பழக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். அதே வயது, அதே பாலினத்தில், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த இன்னொரு 709 பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். நோய் வந்தவர்களிலிருந்து தொடங்கி, பழக்கத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகும் இதுதான் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு. அரிதான நோய்க்கு இதுவே கைகொடுக்கும். நோயாளிகள் ஏற்கெனவே மருத்துவமனையில் இருப்பதால், யாருக்கு எப்போது நோய் வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆண்களை மட்டும் பார்ப்போம். புற்றுநோய் வந்த 649 பேரில் 647 பேர் புகைபிடித்தவர்கள், 2 பேர் புகைக்காதவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 622 பேர் புகைபிடித்தவர்கள், 27 பேர் புகைக்காதவர்கள்.

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். புகைபிடித்தவர்கள் மொத்தம் 1,269 பேர், அவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய், ஆகவே ரிஸ்க் 51 சதவீதம் என்று எழுதுகிறார்கள். புகைக்காத 29 பேரில் 2 பேருக்கு என்றால் கிட்டத்தட்ட 7 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 7.4 வருகிறது. பார்க்க அழகான விடை. ஆனால் புகைபிடிக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்துவிடுமா? அந்த 51 சதவீதம் லண்டன் நகரத்தின் நிலவரத்தைச் சொல்லவில்லை. ஒரு நோயாளிக்கு ஓர் ஒப்பீட்டாளர் என்று ஆய்வாளர்கள் எடுத்த முடிவைத்தான் அது சொல்கிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரு நோயாளிக்குப் பத்து ஒப்பீட்டாளர்களை எடுத்திருந்தார்கள், பழக்க விகிதம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 622 என்பது 6,220 ஆகும், 27 என்பது 270 ஆகும். அதே முறையில் வகுத்தால் இப்போது 7.4 போய் 12.8 வருகிறது. நோய் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. ஆய்வாளர் கூடுதலாகச் சிலரை விசாரித்ததால் மட்டுமே ஆபத்து ஏறிவிடாது. ஆகவே அந்தக் கணக்கு தவறு.

கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கு உரிய அளவு ஆட்ஸ் ரேஷியோ. கட்டத்தின் எண்களைக் குறுக்காகப் பெருக்கி வகுக்க வேண்டும்:

```
(647 × 27) ÷ (2 × 622) = 14.0
```

ஒப்பீட்டாளர்களைப் பத்து மடங்காக்கினாலும் இது 14 ஆகவே நிற்கும், ஏனென்றால் மேலேயும் கீழேயும் ஒரே பத்து வந்து அடிபட்டுப்போகும்.

இந்த வகை ஆய்வுக்கு ஒரு பலவீனமும் உண்டு. புற்றுநோய் என்று தெரிந்தவரோ அவரை விசாரிப்பவரோ பழைய பழக்கத்தை மிகைப்படுத்திவிடலாம். டாலும் ஹில்லும் இதற்கு நல்ல சோதனை வைத்தார்கள். விசாரிக்கும்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு இல்லை என்று உறுதியான நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிகைப்படுத்தல் நடந்திருந்தால், அவர்களுடைய கணக்கும் புற்றுநோயாளிகளின் கணக்கைப் போலவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது ஒப்பீட்டாளர்களின் கணக்கோடுதான் ஒத்துப்போனது.

பழக்கத்திலிருந்து முன்னோக்கி

1951-இல் இருவரும் எதிர்த்திசையில் தொடங்கினார்கள். பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, புகைப் பழக்கத்தைப் பதிந்துகொண்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று பின்தொடர்ந்தார்கள். ஆண்கள் மட்டும் 34,439 பேர். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பதிவேட்டின் மூலம் அவர்களைப் பல ஆண்டுகள் தவறவிடாமல் தொடர முடியும். பழக்கத்தில் தொடங்கி நோய்க்காகக் காத்திருக்கும் இதுதான் கோஹார்ட் ஆய்வு. ரிலேட்டிவ் ரிஸ்க்கை நேரடியாகக் கணக்கிட இங்கேதான் உரிமை உண்டு, ஏனென்றால் வகுக்கும் எண் உண்மையான மக்கள் தொகை.

ஒருவரை ஓராண்டு பின்தொடர்ந்தால் அது ஓர் ஆள்-ஆண்டு. அமெரிக்காவின் சிடிசி இந்த ஆய்வை வைத்து உருவாக்கிய பயிற்சிக் கணக்கில், புகைபிடித்தவர்களின் 1,02,600 ஆள்-ஆண்டுகளில் 133 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். புகைக்காதவர்களின் 42,800 ஆள்-ஆண்டுகளில் 3 பேர். அதாவது ஆயிரத்துக்கு 1.30 ஒரு பக்கம், 0.07 மறுபக்கம். வகுத்தால் 18.5. கண்டிப்பாகச் சொன்னால் இது வீதங்களின் விகிதம், ரிலேட்டிவ் ரிஸ்க் குடும்பத்தைச் சேர்ந்தது.

முதல் ஆய்வு சொன்ன 14-க்கும் இந்த 18.5-க்கும் பெரிய தூரமில்லை. நோய் அரிதாக இருக்கும்போது ஆட்ஸ் ரேஷியோ ரிலேட்டிவ் ரிஸ்க்கை ஒட்டியே நிற்கும். நோய் பரவலாக இருந்தால் இரண்டும் விலகிப்போகும். பழக்கமுள்ள 100 பேரில் 60 பேருக்கும் பழக்கமில்லாத 100 பேரில் 30 பேருக்கும் ஒரு நோய் வந்தால், ரிலேட்டிவ் ரிஸ்க் 2, ஆட்ஸ் ரேஷியோவோ 3.5. அந்த 3.5-ஐப் பார்த்து 'மூன்றரை மடங்கு ஆபத்து' என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஒரே நாளில் எடுத்த கணக்கு

மூன்றாவது வகை குறுக்குவெட்டு ஆய்வு. பழக்கத்தையும் நோயையும் ஒரே சமயத்தில் கேட்டுப் பதிவது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வு இந்த வகைதான். எத்தனை பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்பதை அறிந்து திட்டமிட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கு இது உதவாது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனாலும் ஒரு சில நோயாளிகளே கிடைப்பார்கள். இறந்துபோனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். நோய் வந்த பிறகு புகையை விட்டவர், 'இப்போது புகைப்பதில்லை' என்று சொல்லிவிடுவார். இங்கே வகுத்துக் கிடைப்பது, நோய் இருப்பவர்களின் அளவை ஒப்பிடும் விகிதம் மட்டுமே. புதிதாக நோய் வரும் ஆபத்தை அது சொல்லாது.

விகிதத்தோடு நிற்கக் கூடாது

கோஹார்ட் கணக்கில் வகுத்தலோடு கழித்தலையும் செய்ய வேண்டும். அதே மருத்துவர்களில், இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் புகைபிடித்தவர்களில் ஆயிரத்துக்கு 9.51, புகைக்காதவர்களில் 7.32. விகிதம் வெறும் 1.3. புற்றுநோயின் 18.5-க்கு முன்னால் அது சிறிதாகத் தெரியும். ஆனால் கழித்துப் பாருங்கள். புற்றுநோயால் கூடுதல் சாவு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 1.23, இதய, ரத்தநாள நோய்களால் 2.19. நோய்க்குப் பழக்கம் எவ்வளவு வலுவான காரணம் என்பதை விகிதம் சொல்லும். அந்தப் பழக்கம் எத்தனை உயிரைக் கொண்டுபோகிறது என்பதை வித்தியாசம் சொல்லும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டத்தைப் பார்த்ததும் வகுக்கத் தொடங்காதீர்கள். விடைத்தாளின் முதல் வரியில், ஆய்வாளர் எதை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுங்கள். நோயை வைத்து என்றால் ஆட்ஸ் ரேஷியோ. பழக்கத்தைப் பதிந்துகொண்டு காத்திருந்தார் என்றால் ரிலேட்டிவ் ரிஸ்க். இரண்டையும் ஒரே நாளில் கேட்டார் என்றால், ஆபத்து என்ற சொல்லையே விடையில் எழுதாதீர்கள்.