உஷார்! வெராகிரிப்ட் ரகசியத்தை உங்கள் பேக்கப்பே போட்டுக்கொடுக்கும்

வெராகிரிப்டில் மறைவுப் பகுதி ஒன்றை அமைத்துவிட்டால் அது இருப்பதையே யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே உங்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகளைத் தேடி எடுங்கள். உங்கள் வெராகிரிப்ட் கோப்பின் இரண்டு பிரதிகள் வேறுவேறு தேதியில் எடுத்தவையாக இருந்தால், ரகசியம் அநேகமாக உடைந்துவிட்டது.

ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவரும் நண்பர் ஒருவர் இந்த நம்பிக்கையில்தான் இருந்தார். பேசியவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் அவர்கள் வேலை போய்விடும். அவர் 20 ஜிபி கோப்பு ஒன்று உருவாக்கி, அதன் கடைசி 5 ஜிபியில் மறைவுப் பகுதி வைத்திருந்தார். முன்பகுதியில் கல்யாண போட்டோ, வீட்டுக் கணக்கு என்று 2 ஜிபி. "யாராவது கேட்டா முதல் பாஸ்வேர்டைக் கொடுத்துடுவேண்ணே, பார்த்துட்டு விட்டுடுவாங்க" என்றார்.

ஒரே ஒரு முறை பார்ப்பவரிடம் இது பலிக்கும். கோப்பை உருவாக்கும்போதே வெராகிரிப்ட் அதன் காலி இடம் முழுவதையும் ரேண்டம் எண்களால் நிரப்பிவிடுகிறது. மறைவுப் பகுதியின் தலைப்புத் தகவல், கோப்பு தொடங்கி 64 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். மறைவுப் பகுதியே இல்லாத கோப்பிலும் அதே இடத்தில் ரேண்டம் எண்கள்தான் இருக்கும். ஒரு பிரதியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் நண்பர், மலைக்கு எடுத்துப்போகும் லேப்டாப் தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, சேலம் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் அவ்வப்போது பிரதி எடுத்து வந்தார். ஜனவரிப் பிரதி ஒன்று, மார்ச் பிரதி ஒன்று. இந்த இரண்டையும் கைப்பற்றுகிறவருக்கு எந்தப் பாஸ்வேர்டும் வேண்டாம்:

```
cmp -l jan.hc mar.hc | tail -n 1
```

இரண்டு கோப்புகளும் கடைசியாக எந்த பைட்டில் வேறுபடுகின்றன என்று இது சொல்லும். அவர் கோப்பில் மறைவுப் பகுதி சுமார் 1,610 கோடியாவது பைட்டில் தொடங்குகிறது. விடை அதைத் தாண்டி வந்தால், காலி என்று அவர் சொல்லப்போகும் இடத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2 ஜிபி போட்டோவை மட்டும் வைத்திருக்கிறவர் அங்கே போய் எழுதக் காரணமே இல்லை. "பெரிய படம் ஒன்றைப் போட்டு அழித்தேன்" என்று சமாளிக்கலாம்தான். ஆனால் முதல் பாஸ்வேர்டைக் கொடுத்ததுமே முன்பகுதியில் அழித்த கோப்புகளின் தடயத்தையும் தேடுவார்கள். அங்கே அந்தப் படத்தின் சுவடு இருக்காது.

பிரதியே எடுக்கவில்லை என்றாலும் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. எஸ்எஸ்டி தன் போக்கில் பழைய தகவலை வேறு மூலையில் விட்டுவைக்கும். அதைவிட மோசம் விண்டோஸ். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் புரூஸ் ஷ்னையரும் ட்ரூகிரிப்ட் 5.1a-வைச் சோதித்தார்கள். வெராகிரிப்டின் முன்னோடி அது. மறைவுப் பகுதியில் திறந்த கோப்புகளுக்கு விண்டோஸ் தானாகவே ஷார்ட்கட் போட்டு வைத்திருந்தது. வேர்டு, தானியங்கிச் சேமிப்புப் பிரதியை வெளியே போட்டிருந்தது. உங்கள் கணினியில் `shell:recent` என்று ரன் பெட்டியில் அடித்துப் பாருங்கள். கல்யாண போட்டோ மட்டுமே இருக்க வேண்டிய டிரைவில் "எஸ்டேட் பேட்டி 4" என்ற பெயர் தெரிந்தால், அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொரு ஆபத்து, எதுவுமே ஒளிக்காதவருக்கும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி உத்தரவு வந்தால் குறியாக்கத்தைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு "இன்னொன்று எங்கே?" என்று கேட்டால், இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? இருப்பதை மறைக்கும் அதே கணக்கு, இல்லாததை நிரூபிக்கவும் விடாது. வெராகிரிப்ட் வைத்திருப்பதைப் பார்த்ததுமே சந்தேகப்படுகிற அதிகாரி, முதல் பாஸ்வேர்டோடு நிறுத்த மாட்டார்.

திருட்டுக்கு மட்டும் பயம் என்றால் லேப்டாப் முழுவதையும் குறியாக்கம் செய்தால் போதும், மறைவுப் பகுதி தேவையில்லை. அது இருந்தே ஆக வேண்டும் என்றால் கோப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். பேக்கப்புக்குப் புதிய பாஸ்வேர்டோடு தனியாக ஒரு கோப்பை உருவாக்கி, உள்ளே இருப்பதை மட்டும் அதில் நகலெடுங்கள். கிளவுடு சிங்க் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நண்பர் மறைவுப் பகுதியை விட்டுவிட்டார். பேட்டிகளிலிருந்து ஆள் பெயரையும் எஸ்டேட் பெயரையும் எடுத்தாயிற்று. மூலப் பதிவுகளை லேப்டாப்பில் வைப்பதில்லை. மலையேறும்போது கையில் கொண்டுபோவதும் இல்லை.