கையெழுத்தான தீர்மானத்தில் பிழை: அழிக்காமல் திருத்துவது எப்படி?

"நாலாம் கிளாசுக்கு ரெண்டு ஃபேன்னு போன மாசம் பேசினோமே சார், எங்க அது?"

ஆகஸ்ட் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் தொடங்கியதும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. நான் அப்போது பணியாற்றிய தொடக்கப் பள்ளியில் தீர்மானப் பதிவேட்டை எழுதும் வேலை என்னுடையது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஜூலை 7ஆம் தேதிக் கூட்டத்தின் மூன்றாவது தீர்மானம் இப்படி இருந்தது: "2ஆம் வகுப்புக்கு 4 மின்விசிறிகள் வாங்கலாம்." எழுதியது நான்தான். 4ஆம் வகுப்புக்கு 2 என்று எழுத வேண்டியதை இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

பிழை தாளோடு நிற்கவில்லை. ஜூலை நடுவில் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர் அல்லர். பதிவேட்டைப் படித்தார், ஒன்று ரூ.1,950 வீதம் நான்கு மின்விசிறிகளை ரூ.7,800க்கு வாங்கினார், இரண்டாம் வகுப்பில் மாட்டினார். பற்றுச்சீட்டு, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு மூன்றிலும் நான்கு என்றே பதிவாகிவிட்டது. குழு ஒப்புக்கொண்டதோ ரூ.3,900க்கு மட்டும்.

"அந்த ரெண்டு நம்பரையும் மாத்திப் போட்டுடுங்க சார், அவ்வளவுதானே?" என்றார் ஒரு உறுப்பினர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய வரி யாரைக் காக்கிறது?

எண்களை மாற்றியிருந்தால் பதிவேடு 'இரண்டு' என்று சொல்லும், பற்றுச்சீட்டு 'நான்கு' என்று சொல்லும். தணிக்கைக்கு வருபவர் பார்வையில், தலைமையாசிரியர் குழுவின் அனுமதி இல்லாமல் இரண்டு மின்விசிறிகளைக் கூடுதலாக வாங்கியவர் ஆகிவிடுவார். பிழை என்னுடையது, பழி அவருக்கு. அவர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார் என்பதற்கு இருக்கும் ஒரே சான்று, நான் தவறாக எழுதிய அந்த வரிதான்.

கையெழுத்தாகி, செயலுக்கும் வந்துவிட்ட தீர்மானத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கூட்டம் என்ன முடிவு செய்தது என்பதற்கு அது பதிவு. அதற்குப் பின் நடந்த செலவுக்கு அதுவே ஆதாரம். முதல் வேலையில் பிழை இருந்தால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் இரண்டாவதை அழிக்க நமக்கு உரிமையில்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான மைய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள், குழுவின் நடவடிக்கைகளை முறையாகப் பதிவு செய்து பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. ஒரு பெற்றோர் அந்தப் பக்கத்தை முன்பே கைபேசியில் படம் எடுத்திருக்கலாம். படத்தில் ஒன்றும் பதிவேட்டில் வேறொன்றும் இருந்தால் சாதாரண எழுத்துப் பிழை மோசடிபோலத் தெரியும்.

நாங்கள் செய்தது

முதலில் சான்று தேடினோம். நான்காம் வகுப்பு ஆசிரியை ஜூலைக் கூட்டத்துக்கு முன் கொடுத்திருந்த கோரிக்கைக் கடிதத்தில் "எங்கள் வகுப்புக்கு 2 மின்விசிறிகள்" என்று இருந்தது. கூட்டத்தின்போது நான் கிறுக்கிய குறிப்புத் தாளிலும் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து குறிப்புத் தாள்களை ஓராண்டாவது கோப்பில் வைத்திருக்கிறேன்.

அன்றே தீர்மானம் போடவில்லை. அழைப்பில் இல்லாத பொருளைக் கடைசியில் 'இதர' என்ற தலைப்பில் நுழைத்தால், வராதவர்களுக்குச் சந்தேகம் வரும். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில், "07.07.2023 கூட்டத்தின் தீர்மானம் 3இல் உள்ள பதிவுப் பிழையைத் திருத்துதல்" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டோம். அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைத் தனித்தனியாக எழுதினோம்.

முதலாவது, பதிவைத் திருத்துவது:

"07.07.2023 கூட்டத்தின் தீர்மானம் 3இல் '2ஆம் வகுப்புக்கு 4 மின்விசிறிகள்' எனப் பதிவாகியுள்ளது. அன்று எடுத்த முடிவு '4ஆம் வகுப்புக்கு 2 மின்விசிறிகள்' என்பதே. வகுப்பாசிரியரின் கோரிக்கைக் கடிதமும், அன்று வந்திருந்த உறுப்பினர்களின் கூற்றும் இதை உறுதி செய்கின்றன. இது எழுதுகையில் நேர்ந்த பிழை எனக் குழு பதிவு செய்கிறது."

இரண்டாவது, நடந்துவிட்டதற்கு என்ன செய்வது என்பது:

"மேற்படி பதிவின் அடிப்படையில் தலைமையாசிரியர் 4 மின்விசிறிகளை ரூ.7,800க்கு வாங்கியுள்ளார். கூடுதல் செலவு ரூ.3,900ஐக் குழு இன்று ஏற்கிறது. இரண்டு மின்விசிறிகளை 4ஆம் வகுப்புக்கு மாற்றவும், இரண்டை 2ஆம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளவும் முடிவு செய்யப்பட்டது."

இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. முதலாவது ஜூலையில் நடந்த உண்மையைச் சொல்கிறது. இரண்டாவது இன்று எடுக்கும் முடிவு. இன்றைய முடிவுக்கு இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். ஜூலையிலேயே நான்குக்கு ஒப்புக்கொண்டதுபோல எழுதினால் அது திருத்தம் ஆகாது, இன்னொரு பொய்யாகிவிடும்.

பிறகு பழைய பக்கத்துக்குப் போனோம். ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை, வெள்ளை மை பூசவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால், புதிய தீர்மானத்தின் எண், தேதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்து "காண்க" என்று எழுதி, தலைவரும் தலைமையாசிரியரும் அன்றைய தேதியோடு சுருக்கொப்பம் இட்டார்கள். பற்றுச்சீட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் தொடவில்லை, அவை நடந்ததைச் சரியாகவே சொல்கின்றன. புதிய தீர்மானத்தின் நகலைப் பற்றுச்சீட்டோடு இணைத்தோம். இருப்புப் பதிவேட்டில் இரண்டு மின்விசிறிகள் இடம் மாறியதைப் புதிய வரியாக எழுதினோம்.

எது திருத்தம் ஆகாது?

உறுப்பினர்கள் மனம் மாறினால் அது பிழை அல்ல. "அன்று இரண்டு போதும் என்றோம், இப்போது நான்கு வேண்டும்" என்றால் புதிய தீர்மானம் போட வேண்டும். பழையதில் கைவைக்கக் காரணமே இல்லை.

அன்று என்ன முடிவானது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தால்? நடந்த ஒன்றைக் கைதூக்கச் சொல்லித் தீர்மானிக்க முடியாது. கடிதமோ குறிப்போ இல்லாதபோது பழைய பதிவு அப்படியே நிற்கட்டும். நினைவுகள் வேறுபடுகின்றன என்பதை எழுதிவிட்டு, இனி என்ன செய்வது என்று மட்டும் புதிதாக முடிவெடுக்கலாம். அன்று வராத உறுப்பினர்கள் இந்த முடிவில் பங்கேற்கலாம். அன்று நடந்ததற்குச் சாட்சி சொல்வது வந்திருந்தவர்களின் வேலை.

குழு பின்னர் ஏற்பதற்கும் எல்லை உண்டு. அந்த நிதியின் விதிமுறை அனுமதிக்காத செலவை எந்தத் தீர்மானமும் சரியாக்காது. அப்படி இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர் சொல்வதன்படி நடப்பதே வழி.

கையெழுத்திடும் முன்பே பிழை கண்ணில் பட்டால் இத்தனையும் தேவையில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட்டால் போதும். அதனால் இப்போதெல்லாம் பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டும் முன் ஒவ்வொரு தீர்மானத்தையும் உரக்கப் படிக்கிறேன். எண் வரும் இடத்தில் நிறுத்தி, எண்ணால் எழுதியதை எழுத்தாலும் எழுதுகிறேன்: "4ஆம் (நான்காம்) வகுப்புக்கு 2 (இரண்டு)."

அந்தப் பக்கம் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. என் பிழையும் தெரிகிறது, ஓரத்தில் அதைத் திருத்திய சிவப்புக் குறிப்பும் தெரிகிறது. அடுத்த ஆண்டு தணிக்கையில் அந்தப் பக்கத்தில் நின்றவர், குறிப்பைப் பார்த்துப் புதிய தீர்மானத்தைப் புரட்டிப் படித்தார். பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டார். பிறகு ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனார்.