ஐந்து வேலையா, மூன்று வேலையா?

சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஒருவரின் ரெஸ்யூமே என்று வைத்துக்கொள்வோம். 2019 ஜூனில் முதல் வேலை, இரண்டு ஆண்டு. பிறகு ஒரு வங்கியின் புராஜெக்டில் ஏழு மாதம், காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஒன்பது மாதம், வேறொரு கம்பெனியில் மூன்று மாதம். கடைசியாக ஒரு ஸ்டார்ட்அப்பில் ஓராண்டு. அனுபவப் பகுதியில் மொத்தம் ஐந்து வரி. ஆள் எடுப்பவரின் கண் முதலில் தேதிகளின் மேல்தான் ஓடும். ஏழு, ஒன்பது, மூன்று என்று பார்த்ததுமே ‘இவர் எங்கேயும் தங்கமாட்டார்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

ஆனால் இந்த ஐந்தில், இவராக விரும்பி விலகியவை எத்தனை? அதை ரெஸ்யூமே சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான்.

வங்கி, காப்பீடு இரண்டுமே ஒப்பந்த வேலைகள். இவருக்குச் சம்பளம் போட்டது வங்கியும் அல்ல, காப்பீட்டு நிறுவனமும் அல்ல. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுதான். சம்பளச் சீட்டு, பிஎஃப் எல்லாம் அதன் பெயரில்தான். அப்படியென்றால் இவை இரண்டு வேலையல்ல, ஒரே வேலை. ஏஜென்சியின் பெயரைத் தலைப்பாகப் போட்டு ‘2021 ஜூலை – 2022 அக்டோபர்’ என்று பதினாறு மாதத்தையும் சேர்த்து எழுதலாம். ‘ஒப்பந்தப் பணி’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். வங்கியையும் காப்பீட்டையும் அதன் கீழே புராஜெக்டுகளாகக் காட்டினால் போதும். வங்கியின் பெயர் பெரிதாயிற்றே என்று அதையே முதலாளியாக எழுதிவிடுபவர்கள் உண்டு. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் வங்கியைக் கேட்டால், ‘அப்படி ஒருவர் எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை’ என்று பதில் வரும். பொய்யே சொல்லாதவர் பொய்யராகிவிடுவார்.

ஸ்டார்ட்அப் வேலை முடிந்ததற்குக் காரணம், நிறுவனமே மூடப்பட்டது. அந்த வரியின் ஓரத்தில் ‘நிறுவனம் மூடப்பட்டது’ என்ற இரண்டே சொற்கள் போதும். காரணம் சொல்வது வெளியிலிருந்து வந்த முடிவுகளுக்கு மட்டும்தான். ‘மேனேஜர் சரியில்லை’, ‘சம்பளம் போதவில்லை’ போன்றவை ரெஸ்யூமேயில் ஏறக் கூடாது.

மிஞ்சுவது அந்த மூன்று மாத வேலை. டெஸ்டிங் என்று எடுத்து, இரவு ஷிஃப்டில் வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டார்கள், விலகிவிட்டார். இதை ரெஸ்யூமேயில் விட்டுவிடலாமா? விடலாம். ரெஸ்யூமே என்பது இந்த வேலைக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் தாள். ஆனால் வேலை கிடைத்தபின் நிரப்பச் சொல்லும் வெரிஃபிகேஷன் படிவம் அப்படியல்ல. எல்லா வேலையையும் கேட்டால், எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். நேர்காணலில் ‘2022 நவம்பர் முதல் நாலு மாதம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் மறைக்க முடியாது? பிஎஃப் கணக்கின் 12 இலக்க யுஏஎன் எண்ணின் கீழ், பிஎஃப் கட்டிய ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி பதிவாகியிருக்கும். பல நிறுவனங்கள் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. மாதத்தை விட்டு ‘2022 – 2023’ என்று வெறும் ஆண்டைப் போடும் உத்தியும் இதனால்தான் எடுபடுவதில்லை. அது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம் என்பது படிப்பவருக்கும் தெரியும்.

இப்போது அதே ரெஸ்யூமேயில் மூன்று வரிதான்: இருபத்துநான்கு மாதம், பதினாறு மாதம், பன்னிரண்டு மாதம். ஒரு தேதிகூட மாறவில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐந்துமே நிரந்தர வேலை, ஐந்திலும் சம்பள உயர்வுக்காகத் தானே விலகினார் என்றால், எப்படி அடுக்கினாலும் அது ஐந்துதான். அவர் செய்யக்கூடியது, ஒவ்வோர் இடத்திலும் தொடங்கி முடித்த வேலை ஒன்றைக் குறிப்பிடுவது மட்டுமே. ‘டெஸ்டிங்கில் பணியாற்றினேன்’ என்பதைவிட, ‘கையால் செய்த 200 சோதனைகளை ஆட்டோமேஷனுக்கு மாற்றி முடித்தேன்’ என்ற வரி, பாதியில் ஓடுகிற ஆள் இல்லை என்று காட்டும்.

விண்ணப்பிக்கும் முன் பிஎஃப் உறுப்பினர் தளத்தில் Service History பக்கத்தைத் திறந்து, ரெஸ்யூமேயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோல் தெரியும். விலகி இரண்டு மாதம் கழிந்திருந்தால் Mark Exit வழியாக அந்தத் தேதியை நீங்களே பதியலாம். அதை முடித்துவிட்டு ரெஸ்யூமேயை அனுப்புங்கள்.