மூன்றாவது வரிசையை மட்டும் கூட்டுவது எப்படி?

கல்லூரி வாசலில் மெஸ் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவுப் பரோட்டா என்று மூன்று வேளை வியாபாரம். ஒவ்வொரு வேளையும் கல்லாவை எண்ணி முடித்ததும் எக்செல்லில் ஒரு வரிசை எழுதுகிறார். A-யில் தேதி, B-யில் வேளை, C-யில் தொகை. முதல் வரிசை தலைப்பு. இரண்டாவது வரிசையில் முதல் நாள் காலை, மூன்றாவதில் மதியம், நான்காவதில் இரவு, ஐந்தாவதில் மறுநாள் காலை. முப்பது நாள் ஓடினால் 90 வரிசை சேரும். C2 முதல் C91 வரை.

மாதக் கடைசியில் அவருக்கு இரண்டு கேள்விகள் வரும். பரோட்டா மாஸ்டருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு இரவு வியாபாரம் கட்டுபடியாகிறதா? வாரத்துக்கு வாரம் வரவு ஏறுகிறதா, இறங்குகிறதா? முதல் கேள்விக்கு ஒவ்வொரு மூன்றாவது வரிசையையும் கூட்ட வேண்டும். இரண்டாவதற்கு 21, 21 வரிசைகளாகக் கூட்ட வேண்டும்.

பலரும் செய்வது, =C4+C7+C10 என்று ஒவ்வொன்றாகக் கைப்படத் தட்டிக்கொண்டே போவது. முப்பது செல்லைக் கோத்து முடிப்பதற்குள் ஒன்று விடுபடும், அல்லது C31 என்பது C32 ஆகிவிடும். வாரக் கணக்கில் வேறொரு கண்ணி இருக்கிறது. முதல் வாரத்துக்கு =SUM(C2:C22) என்று போட்டுவிட்டு, அதைப் பிடித்துக் கீழே இழுப்பார்கள். அடுத்த செல்லில் C23:C43 வரும் என்று எதிர்பார்த்தால், வருவது C3:C23. எக்செல் ஒரு வரிசைதான் நகர்த்தும். வாரம் என்றால் 21 வரிசை என்பது அதற்குத் தெரியாது. இப்படி வரும் ‘வாரத் தொகைகள்’ எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

மூன்றாவது வரிசைகளைப் பொறுக்கி எடுக்கப் பள்ளியில் படித்த வகுத்தல் மீதி போதும். முதல் தொகை இருக்கும் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையும் எத்தனை தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள்: 0, 1, 2, 3, 4, 5. மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2, 0, 1, 2. காலைக்கு எப்போதும் 0, மதியத்துக்கு 1, இரவுக்கு 2. மீதி 2 வருகிறவற்றை மட்டும் கூட்டினால் இரவுக் கணக்கு வந்துவிடும். எக்செல்லில் வரிசை எண்ணைத் தருவது ROW, மீதியைத் தருவது MOD, பொறுக்கியதைக் கூட்டித் தருவது SUMPRODUCT.

```
=SUMPRODUCT((MOD(ROW(C2:C91)-ROW(C2),3)=2)*C2:C91)
```

அடைப்புக்குள் இருக்கும் ஒப்பீடு ஒவ்வொரு வரிசைக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லும். பெருக்கும்போது ஆம் என்பது 1 ஆகவும் இல்லை என்பது 0 ஆகவும் மாறும். இரவுத் தொகை 1-ஆல் பெருகி அப்படியே நிற்கும், மற்றவை 0 ஆகிவிடும்.

இரண்டு நாள் கணக்கை வைத்துப் பார்ப்போம். முதல் நாள் 3200, 5400, 4100. மறுநாள் 2900, 5600, 3800. மீதி 2 வருவது மூன்றாவதும் ஆறாவதும். 4100-ம் 3800-ம் சேர்ந்து 7900. இரவு வரவு அதுதான்.

நடுவில் -ROW(C2) எதற்கு என்று தோன்றலாம். அதை விட்டுவிட்டு, நான்காவது வரிசையை மூன்றால் வகுத்தால் மீதி 1 என்று நேரடியாக =1 போட்டாலும் இன்றைக்குச் சரியான விடைதான் வரும். நாளைக்கு யாரோ மேலே மெஸ்ஸின் பெயரை எழுத ஒரு வரிசை சேர்த்தால் எல்லாம் ஒரு படி இறங்கும். ஐந்தை மூன்றால் வகுத்தால் மீதி 2. இரவு என்று சொல்லிக்கொண்டு மதியத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். -ROW(C2) இருந்தால் அது ROW(C3) ஆகத் தானே மாறிக்கொள்ளும், கணக்கு பிசகாது. இந்தச் சிறு துண்டைத் தவிர்க்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். மெஸ்காரர் முதல் நாள் மாலையில் டீயும் வடையும் போட்டு 750 ரூபாய் பார்த்தார், அதை மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் புது வரிசையாகச் செருகினார் என்று வையுங்கள். இப்போது வரிசை 3200, 5400, 750, 4100, 2900, 5600, 3800. மீதி 2 வரும் இடங்களில் 750-ம் 5600-ம் உட்கார்ந்திருக்கின்றன. இரவு வரவு 6350 என்கிறது பார்முலா. உண்மை 7900. பிழைச் செய்தி எதுவும் இல்லை, செல்லில் சிவப்பு இல்லை.

வழக்கமாக நாம் செய்யும் சோதனையும் இங்கே கைகொடுக்காது. காலை, மதியம், இரவு மூன்றையும் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப் பார்ப்போம் அல்லவா? மீதி 0 வருகிறவை 11100, மீதி 1 வருகிறவை 8300, மீதி 2 வருகிறவை 6350. கூட்டினால் 25750. ஏழு தொகைகளின் மொத்தமும் 25750-தான். மொத்தம் ஒத்துப்போவதால் கணக்கு சரி என்று நிம்மதியாகிவிடுவோம். ஒவ்வொரு தொகையும் ஏதோ ஒரு மீதிக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பதால், எந்தத் தொகை எந்த வேளைக்குப் போய்ச் சேர்ந்தாலும் மொத்தம் மாறாது. ஒரு நாள் இரவு கடை அடைத்து அந்த வரிசையை எழுதாமல் விட்டாலும், தொகை வாரியாக அடுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே சேமித்தாலும் இதே கதிதான்.

சரியான சோதனை B-யில் இருக்கும் வேளையின் பெயரைக் கேட்பது. இரவு என்று பார்முலா நினைக்கும் இடங்களில் எத்தனை இடத்தில் ‘இரவு’ என்று எழுதப்படவில்லை என்று எண்ண வேண்டும்:

```
=SUMPRODUCT((MOD(ROW(B2:B91)-ROW(B2),3)=2)*(B2:B91<>"இரவு"))
```

விடை 0 என்றால் வரிசை ஒழுங்காக இருக்கிறது. மேலே சொன்ன மாலை டீ கணக்கில் 2 என்று வரும். ஒன்று மாலை, இன்னொன்று மதியம்.

வேளையின் பெயர் B-யில் இருக்கும்போது, இடத்தை எண்ணிக் கூட்டுவதே வீண் வேலை என்பது என் தீர்மானமான கருத்து. பெயரைச் சொல்லியே கூட்டலாம்:

```
=SUMIF(B2:B91,"இரவு",C2:C91)
```

வரிசை எங்கே போனாலும் இது அசராது. இதற்கு வேண்டியது ஒன்றே: பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். போன் கீபோர்டு சொல்லைத் தானே முடித்துக் கொடுக்கும்போது பின்னால் ஓர் இடைவெளியையும் ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால் அந்த வரிசை கணக்கில் சேராது. B-யில் டேட்டா வேலிடேஷன் வைத்து நான்கு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மீதி பார்க்கும் வழி எங்கே உதவும் என்றால், பெயரே இல்லாமல் வெறும் தொகைகளாக வேறொரு மென்பொருளிலிருந்து இறங்கிவரும் பட்டியலில்தான். அங்கே அதைவிட்டால் வேறு வழியில்லை.

தொகை இருக்க வேண்டிய செல்லில் ‘லீவு’ என்று எழுதும் பழக்கமும் உண்டு. பெருக்கல் குறி போட்ட முதல் பார்முலா அங்கே #VALUE! என்று நின்றுவிடும். பெருக்கல் குறிக்குப் பதில் கமா போட்டு, முன்னால் இரண்டு மைனஸ் வைத்து எழுதினால் எழுத்தை 0 என்று எடுத்துக்கொண்டு ஓடும். ஆனால் ஒட்டிக் கொண்டுவந்த 4100, எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருந்தால், அதையும் கமா பார்முலா சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். SUMIF-ம் அதைச் சேர்க்காது. செல் நடைமுறையை நீங்கள் மாற்றாதவரை எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். C-யை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தால் இடப்பக்கம் ஒதுங்கியது கண்ணில் படும்.

வாரக் கணக்கிலும் இதே பாடம்தான். E2-வில் 1, E3-யில் 2 என்று வார எண்ணை எழுதி, 21 வரிசைகளைத் துண்டாக வெட்டலாம்:

```
=SUM(INDEX(C:C,2+(E2-1)*21):INDEX(C:C,1+E2*21))
```

முதல் வாரத்துக்கு இது C2:C22, இரண்டாவதுக்கு C23:C43. கீழே இழுத்தாலும் பிசகாது. ஆனால் அந்த 750 ரூபாய் டீ வரிசை வந்த கணமே முதல் வாரத்தின் கடைசி இரவு இரண்டாவது வாரத்துக்குத் தள்ளப்படும். இங்கே பெயருக்குப் பதில் தேதியைக் கேட்க வேண்டும். E2-வில் முதல் திங்கள்கிழமையின் தேதி, E3-யில் =E2+7. பிறகு:

```
=SUMIFS(C:C,A:A,">="&E2,A:A,"<"&E2+7)
```

ஏழு நாள்தான் வாரம், அதில் எத்தனை வரிசை இருந்தாலும் கவலையில்லை. இரவு மட்டும் வாரவாரியாக வேண்டுமென்றால் அடைப்பை மூடுவதற்கு முன் ,B:B,"இரவு" என்று சேர்த்தால் போதும்.

இது தடுமாறும் இடம் இரண்டு. அழகுக்காக மூன்று வரிசைக்கும் சேர்த்துத் தேதி செல்லை மெர்ஜ் செய்திருப்பார்கள். அப்படிச் செய்தால் தேதி மேல் செல்லில் மட்டுமே இருக்கும். கீழ் இரண்டும் காலி. வாரத் தொகையில் காலை மட்டும் வரும். வாரத்துக்கு எண்பதாயிரம் வர வேண்டிய கடையில் இருபதாயிரம் என்று காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மெர்ஜை எடுத்துவிட்டு, A2:A91-ஐத் தேர்ந்தெடுத்து, F5 அழுத்தி Special போய் Blanks கொடுத்தால் காலிச் செல்கள் மட்டும் தேர்வாகும். =A2 என்று தட்டி Ctrl+Enter அழுத்தினால் எல்லாக் காலிச் செல்லிலும் மேலே உள்ள தேதி இறங்கும். பிறகு அதை நகலெடுத்து அங்கேயே Values ஆக ஒட்டிவிடுங்கள்.

மற்றொன்று, நோட்டில் எழுதும் வழக்கத்தில் 01.06.2025 என்று புள்ளி வைத்து எழுதுவது. நம் ஊர் அமைப்பில் உள்ள எக்செல் அதைப் பெரும்பாலும் தேதியாக ஏற்காது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். வாரத் தொகை 0 என்று வந்தால் காரணம் அநேகமாக இதுதான். 01-06-2025 என்று கோடு போட்டு எழுதினால் தேதியாகிவிடும். வலப்பக்கம் நகர்வதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

இந்த மாதம் புது ஷீட் திறக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் தேதியையும் வேளையையும் தவறாமல் எழுதுங்கள். பழைய ஷீட்டில் ஏற்கெனவே மீதி பார்க்கும் பார்முலா ஓடிக்கொண்டிருந்தால், பக்கத்துச் செல்லில் அந்தச் சோதனைப் பார்முலாவை இன்றே போடுங்கள். விடை 0 வராவிட்டால் அதற்கு மேலே உள்ள எந்தத் தொகையையும் நம்பிச் சம்பளமோ விலையோ முடிவு செய்ய வேண்டாம்.