கரு எங்கே தங்கியிருக்கிறது?

கருப்பைக்குள் வந்து தங்க வேண்டிய கரு, வழியில் கருக்குழாயிலேயே தங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற வழியில்லை. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அதனால் மெத்தோட்ரெக்சேட் ஊசியால் கருவின் வளர்ச்சியை நிறுத்துவார்கள். இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்து பெரும்பாலும் அந்தக் குழாயை எடுத்துவிடுவார்கள். மறுபடி எப்போது கருத்தரிக்கலாம் என்பது எந்தச் சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது.

மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட் உடலில் செய்யும் வேலையைத் தடுக்கிறது. புதிய கரு உருவாக அந்தச் சத்து மிகவும் தேவை. ஆகவே ஊசிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் கருத்தடை முறை ஒன்றைப் பின்பற்ற வேண்டும். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. முழுவதும் இறங்கியதா என்றும் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சையில் ஒரு குழாயை எடுத்திருந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். ஆனால் ஒருமுறை இப்படி நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு மறுபடியும் நேரலாம்.

அதனால் அடுத்த முறை நாள் தள்ளிப்போனதுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளி நான்காம் நாள் கிட்டில் இரண்டு கோடுகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ரத்தப் பரிசோதனையில் எச்.சி.ஜி. 900. 48 மணி நேரம் கழித்து 1,600. ஏற்றம் நன்றாகவே இருக்கிறது. 1,100 மட்டுமே இருந்திருந்தால் கரு கலைகிறதா, மறுபடி குழாயில் தங்கிவிட்டதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

எண் நன்றாக ஏறுவதை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது. குழாயில் தங்கிய கருவிலும் சில சமயம் அது இப்படியே ஏறும். கரு இருக்கும் இடத்தைக் காட்டுவது ஸ்கேன்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 6 அல்லது 7 வாரத்தில், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கருப்பைக்குள் கருவைச் சுற்றிய பையும் அதனுள் மஞ்சள்கருப் பையும் தெரிந்தால், கரு சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதுவரை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடல் தேறிய அதே வேகத்தில் மனம் தேறாது. மருத்துவர் சொன்ன 3 மாதம் மருந்துக்கான கணக்கு. துக்கத்துக்கு அப்படிக் கெடு கிடையாது. கணவர் தயாராகியும் மனைவி தயாராகாமல் இருக்கலாம். மனைவி தயாராகியும் கணவர் அஞ்சலாம். "மறுபடியும் அப்படியே ஆனால் என்ன செய்வோம்?" என்ற கேள்வியை இருவரும் உட்கார்ந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். அந்தப் பேச்சையே தாங்க முடியவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் இன்னும் சில மாதம் பொறுக்கலாம். மனநல ஆலோசகரிடமும் போகலாம்.

மூன்று மாதம் வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். இந்தக் கர்ப்பத்தில் அந்த வழக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். கணவர் ஊரில் இல்லாத இரவில் வலி வந்தால் கூட்டிப்போக, விஷயம் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.