கடல் மேட்டுல நிக்குதுங்க, அப்புச்சி

கோபி, சத்தியமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. வாய்க்காலில் குதித்திருப்பார்கள், கொடிவேரியில் நனைந்திருப்பார்கள், பவானிசாகர் அணை நிரம்பிய வருடம் அப்பாவின் வண்டியில் போய் வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கெல்லாம் மறுகரை உண்டு. மறுகரையே இல்லாத தண்ணீரை எட்டு வயதில் முதல் தடவையாகப் பார்க்கும்போது பிள்ளையின் மனசில் என்ன நடக்கிறது என்பது நமக்கு மறந்துபோய்விட்டது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஊரிலேயே இருந்துவிட்ட தாத்தா பாட்டிக்கு அந்தப் பிள்ளையை ஒரு கடிதம் எழுத வைக்கலாம்.

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். விடுமுறைக் கடிதங்கள் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் எல்லாம் இருக்கும், கடல் மட்டும் இருக்காது. 'நலம், நலமறிய ஆவல்' இருக்கும். காலையில் எழுந்தது, இட்லி சாப்பிட்டது, பஸ் ஏறியது வரிசையாக இருக்கும். கடல் வருகிற இடத்தில் 'கண்கொள்ளாக் காட்சி' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பிள்ளையும் வாயால் சொல்லாத சொல் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொடுத்தது.

போன மே மாதம் என் தங்கை குடும்பம் திருச்செந்தூர் போனபோது நானும் கூடப் போனேன். அவள் மகள் மூன்றாம் வகுப்பு. ஈரோட்டில் வளர்கிறவள். கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அப்பாவும் அம்மாவும் அவளுக்கு அப்புச்சி, அம்மாயி. அன்று மத்தியானமே தங்கை அவளை உட்கார வைத்து எழுதச் செய்த முதல் கடிதம் இப்படிப் போனது: "நாங்கள் திருச்செந்தூர் வந்தோம். முருகனைத் தரிசித்தோம். கடல் மிகவும் அழகாக இருந்தது. அலைகள் ஆர்ப்பரித்தன. நான் மிகவும் மகிழ்ச்சி அடைந்தேன்." இதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பெயரை எடுத்துவிட்டு எந்தப் பிள்ளையின் பெயரையும் கீழே போடலாம் என்பதுதான் குறை. பிள்ளை எழுதிய கடிதத்தை நான் சோதிப்பது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இத்தனைக்கும் அன்று காலை அவள் சொன்னது வேறு. கரைக்கு இறங்கும் இடத்தில் நின்று, "கடல் மேட்டுல நிக்குது, பெரியம்மா" என்றாள். அவள் அப்பா உடனே திருத்தினார்: "கடல் பள்ளம் கண்ணு. நாமதான் மேட்டுல இருக்கறோம்." அவள் விடவில்லை. கீழே குளிப்பவர்களைக் காட்டி, "அவங்க தலைக்கு மேல கடல் இருக்குதே" என்றாள்.

அவள் பார்த்தது சரி. கடலும் வானமும் சேர்கிற கோடு எப்போதும், ஏறக்குறைய, பார்க்கிறவரின் கண் மட்டத்திலேயே இருக்கும். நீங்கள் மேலே ஏறினால் அந்தக் கோடும் கூடவே மேலே ஏறும். மேட்டில் நின்று பார்க்கும்போது, நம் கண்ணுக்குக் கீழே இருக்கிறவர்களின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழும். கடல் அவர்கள் தலைக்கு மேலே போய் நிற்கும். பள்ளம் என்று பாடம் படித்த நமக்கு இது கண்ணில் படுவதில்லை. அவளுக்குப் பட்டது. 'அழகாக இருந்தது' என்று எழுதச் சொன்னபோது நாங்கள் அழித்தது இந்தக் காட்சியைத்தான்.

எங்கே, எப்போது உட்கார வைப்பது என்பது முக்கியம். கரையில் வைத்து 'நல்லாப் பாரு, கடிதத்தில் எழுதணும்' என்று சொல்லவே கூடாது. சொன்னால் பிள்ளை கடலைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். ஊர் திரும்பிய பிறகு என்று தள்ளிப்போட்டால், அதற்குள் நான்கு பேரிடம் சொல்லிச் சொல்லிக் கதை தேய்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரியே, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவதற்கு முன்னால், அறையில் வைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். நான் மூன்று கேள்விதான் கேட்டேன். முதலில் கண்ணில் பட்டதா, காதில் விழுந்ததா? நீ நினைத்து வந்தது மாதிரி இல்லாதது எது? அப்புச்சி உன் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார்? அவள் சொல்லச் சொல்ல, அவள் வாயில் வந்தபடியே ஒரு துண்டுத்தாளில் குறித்தேன். பிறகு அவளிடமே கொடுத்து, எது வேண்டுமோ அதை எடுத்து எழுது என்று விட்டுவிட்டேன். இந்த மூன்றாவது கேள்விதான் கடிதத்தைக் கட்டுரையிலிருந்து பிரிக்கிறது. கடிதம் ஒருவருக்குப் போகிறது. அவருக்கு எது அக்கறை என்று யோசிக்கும்போதே பிள்ளைக்கு எழுத விஷயம் கிடைத்துவிடும்.

அவள் எழுதியது இது:

"அன்புள்ள அப்புச்சிக்கும் அம்மாயிக்கும்,

நான் கடலைப் பாத்துட்டேன். பாக்கறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு. லாரி வருதுன்னு நெனச்சேன். ஆனா அந்தச் சத்தம் நிக்கவே இல்ல.

கடல் மேட்டுல நிக்குதுங்க, அப்புச்சி. கீழ குளிக்கறவங்க தலைக்கு மேல கடல் இருந்துச்சு. ஆனா அவங்க மேல விழல. அப்பா என்னைத் தோள்ல தூக்கினாரு. அப்ப கடல் இன்னும் பெருசாச்சு. பவானிசாகர்ல அந்தப் பக்கம் மலை தெரியும். இங்க அந்தப் பக்கமே இல்ல.

நான் பயந்துட்டேன். அலை திரும்பிப் போறப்ப கால் கீழ இருந்த மண்ணை எடுத்துட்டுப் போயிருச்சு. நான் பின்னால போற மாதிரி இருந்துச்சு. அம்மா கையைப் புடிச்சுட்டேன். அப்புறம் பயம் போயிருச்சு. ஆனா முழுசாப் போகல.

அம்மாயி, தண்ணி வாயில போயிருச்சு. உப்பு.

அப்புச்சி, கடலுக்குப் பக்கத்துலயே நாழிக்கிணறுன்னு ஒரு கிணறு இருக்குது. அதுல உப்பே இல்ல. நம்ம போர்த் தண்ணி உப்பா இருக்குதுன்னு சொன்னீங்கல்ல. கடலோரக் கிணத்துல ஏன் உப்பு இல்ல? அலை வந்துட்டே இருக்குதே, கடல் ஏன் ரொம்பல? பதில் எழுதுங்க."

தங்கைக்குப் 'பயந்துட்டேன்' பத்தி பிடிக்கவில்லை. அப்பா அம்மா கவலைப்படுவார்கள், எடுத்துவிடலாம் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். முதல் தடவை கடலுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்குப் பயம் வருவது இயல்பு. அதை எடுத்துவிட்டால் தோள், கை, அம்மா எல்லாமே கடிதத்திலிருந்து போய்விடும். அதிலும் அந்தப் பத்தியில் அவள் சொல்லியிருப்பது அவ்வளவும் துல்லியம். திரும்பி ஓடும் தண்ணீர் குதிகாலைச் சுற்றிப் போகும்போது வேகம் கூடி, அங்கிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகிறது. குதிகால் புதைகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. கண்ணோ, காலடியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு நாம்தான் நகர்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த 'பின்னால போற மாதிரி'.

தோளில் ஏறியதும் கடல் பெருசானதும் அப்படித்தான். தண்ணீர் ஓரத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடல் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம்வரை தெரியும். பூமி உருண்டை என்பதால் அதற்கு அப்பால் மறைந்துவிடும். அப்பாவின் தோளில் உட்கார்ந்தால் அது 5 கிலோமீட்டராகும்.

கேள்விகளுக்கு நாங்கள் அங்கே பதில் சொல்லவில்லை. தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பதில் தெரிந்துவிட்டால் தாத்தாவிடம் கேட்க என்ன இருக்கிறது? பெற்றோர் பிற்பாடு சொல்ல வேண்டிவந்தால், விஷயம் இதுதான். ஆழக்கடலில் அலை வருகிறது என்றால் தண்ணீர் அவ்வளவும் கரையை நோக்கி வருகிறது என்று பொருள் இல்லை. தண்ணீர் இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாக வட்டமடிக்கிறது, அசைவுதான் பயணம் செய்கிறது. கரையில் உடைந்து மேலேறும் தண்ணீரும் திரும்பிப் போய்விடுகிறது. கிணற்றுக்கு வந்தால், ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருப்பதால் அது நல்ல தண்ணீரைவிடக் கனம். கடலோர மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் அந்த உப்புத் தண்ணீருக்கு மேலேயே தங்கி நிற்கும். அதிகமாக ஆழம் தோண்டாமல், அளவோடு எடுக்கும்வரை நல்ல தண்ணீர் கிடைக்கும். கடலோர ஊர்களில் போர் ஆழமாகப் போட்டு மோட்டார் வைத்து இறைத்தால் உப்பு ஏறிவிடுவது இதனால்தான்.

பேச்சுவழக்கை அப்படியே விட்டது சரியா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பள்ளிக்கு எழுதும் கடிதமென்றால் திருத்துவேன். இது வீட்டுக்குப் போகிறது. என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், அப்பா சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். பேசுகிற மாதிரி எழுதினால்தான் காதில் பேத்தி கேட்பாள். எழுத்துப்பிழையையும் பொருள் மாறுகிற இடத்தில் மட்டும் திருத்தினேன். பென்சில் வேண்டாம் என்று நீலமை பேனா கொடுத்தேன், பெரிதாக எழுதச் சொன்னேன். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணுக்குப் பென்சில் எழுத்து தெரியாது.

இன்லேண்ட் லெட்டர்தான் இதற்குத் தோது. இடம் குறைவு என்பதால் பிள்ளை மலைத்துப்போகாது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அதற்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. அவள் சிப்பி வைக்க ஆசைப்பட்டாள். சிப்பியை நேரில் கொடுக்கலாம் என்று சமாதானம் செய்தோம். பெறுநர் முகவரியில் பின்கோடு ஆறு எண்ணையும் அவளையே எழுத வைத்தோம். முதல் மூன்று எண் 638 என்றால் கடிதம் ஈரோட்டுப் பக்கம் போக வேண்டும் என்று பொருள். அனுப்புநர் இடத்தில் தங்கியிருந்த லாட்ஜ் முகவரி இல்லாமல் வீட்டு முகவரி இருக்க வேண்டும், இல்லையென்றால் பதில் திருச்செந்தூருக்குப் போய்விடும். ஆனால் தபாலில் போடுவது அங்கேயே நடக்கட்டும். அந்த ஊர் முத்திரை விழுந்த கடிதம் என்பது தாத்தாக்களுக்குப் பெரிய விஷயம்.

என் அப்பா பதில் எழுதினார். கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்கக் கிணற்றைப் பற்றித்தான்: நம் தோட்டத்தில் எத்தனை அடியில் நல்ல தண்ணீர் இருந்தது, எந்த வருடம் போர் போட்டோம், எப்போது உப்பு ஏறியது என்று. எனக்கே தெரியாத விவரங்கள் அதில் இருந்தன.

இந்த விடுமுறையில் கடலுக்குப் போகிறவர்கள் கிளம்பும்போதே தபால் ஆபீஸில் இரண்டு இன்லேண்ட் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளைக்கு. இன்னொன்றில் உங்கள் வீட்டு முகவரியை எழுதி, ஊருக்குப் போகும்போது தாத்தா கையில் கொடுத்துவிடுங்கள்.